பதிவேடும் பொருளும்
கல்லூரித் தளபாடங்கள், இயந்திரங்கள் ஆகியவற்றின் ஆண்டுக் கணக்கெடுப்புப் பற்றிய ஒரு விளக்கம்

ஒரு கல்லூரியின் சொத்துக்கள் ஈரிடங்களில் வாழ்கின்றன. வகுப்பறையிலும் ஆய்வுகூடத்திலும் மரமாகவும் இரும்பாகவும் நிற்பது ஒன்று. அலுவலக அலுமாரியிலுள்ள பதிவேட்டில் எழுத்தாகவும் எண்ணாகவும் நிற்பது மற்றையது. பொருள் நடமாடும் இயல்புடையது. பதிவேடோ எழுதியவாறே இருக்கும். ஆதலின் நாட்செல்லச் செல்ல இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. அவ்விலகலை ஆண்டுக்கொருமுறை கண்டறிந்து சரிசெய்யும் தொழிலே பொருட்கணக்கெடுப்பு எனப்படுவது. அரசாங்க நிறுவனங்களில் இதனைச் செய்வதற்கென ஆண்டுதோறும் ஒரு சபை நியமிக்கப்படல் வேண்டுமென நமது நாட்டின் நிதிப்பிரமாணங்கள் விதிக்கின்றன. 'போர்ட் ஒவ் சேர்வே' என்னும் ஆங்கிலப் பெயரால் அது நம் ஆசிரியர் பலருக்கும் அறிமுகமானதே.

இக்கட்டுரை வெண்கட்டி, காகிதம், இரசாயனம் முதலிய நுகர்பொருள்களைப் பற்றியதன்று. அவை செலவாகித் தீர்பவை. அவற்றுக்குக் களஞ்சிய இருப்பேடு தனியே உண்டு. பல ஆண்டுகள் நின்று பயன்தருவனவாய், கணக்கேட்டில் நிலையான சொத்து எனப் பெயர்பெறுவனவாய் உள்ள மேசை, கதிரை, அலுமாரி, கணினி, நுணுக்குக்காட்டி, தையலியந்திரம் போன்றவற்றையே ஈண்டு நோக்குவாம்.

எண்ணிக்கை பொருந்தினால் போதுமா?

கணக்கெடுப்பு என்றவுடன், பொருள்களை எண்ணுவதும், அத்தொகையைப் பதிவேட்டுத் தொகையோடு ஒப்பிடுவதுமே பலர் நினைவில் எழும். பதிவேட்டில் இருபத்துநான்கு, அறையிலும் இருபத்துநான்கு. ஆதலின் சரி என்று ஒப்பமிட்டு எழுந்துவிடுவர். இந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

ஒரு கல்லூரியின் கணினி அறையை எடுத்துக்கொள்வோம். பதிவேட்டின்படி அங்கே க 101 முதல் க 124 வரையான இருபத்துநான்கு கணினிகள் இருத்தல் வேண்டும். சென்று எண்ணியபோது இருபத்துநான்கே இருந்தன. தொகையளவில் நின்றிருந்தால் வேலை அத்துடன் முடிந்திருக்கும். ஆயினும் கணக்கெடுத்தோர் ஒவ்வொன்றின் இலக்கத்தையும் வாசித்து எழுதினர். இருபத்தொரு கணினிகளில் மட்டுமே இலக்கம் காணப்பட்டது, மூன்றில் இல்லை. பதிவேட்டிலோ க 107, க 113, க 120 ஆகிய மூன்றுக்கும் எதிரே பொருள் இல்லை.

மூன்றுக்கு மூன்று சரியாயிற்று என்று அவற்றின்மேல் அவ்விலக்கங்களை எழுதிவிடும் ஆசை அவ்வேளையில் எழுதல் இயல்பு. அதுவே செய்யத்தகாதது. இலக்கமற்ற மூன்றின் பின்புறத்தையும் பார்த்தபோது, உற்பத்தியாளர் பொறித்த தொடரிலக்கம் ஒன்றில் இருந்தது. அது பதிவேட்டில் க 120 என்பதற்கு நேரே எழுதப்பட்டிருந்த தொடரிலக்கமே. ஒட்டுச்சீட்டு உதிர்ந்துபோயிருந்தது, அவ்வளவே. எஞ்சிய இரண்டும் பதிவேட்டில் எங்கும் இல்லை. அதிபரின் கடிதக் கோப்பைப் பார்த்தபோது, முந்திய ஆண்டில் பழைய மாணவர் சிலர் இரு கணினிகளை அன்பளிப்புச் செய்தமையும், அவர்க்கு நன்றிக் கடிதம் அனுப்பப்பட்டமையும் தெரியவந்தன. நன்றி எழுதியவர் பதிவேட்டில் எழுத மறந்துவிட்டார்.

இனிக் காணாத இரண்டு. க 107 ஆரம்பப் பிரிவு அலுவலகத்தில் இருந்தது. பரீட்சைப் பெறுபேறுகளைத் தட்டச்சிடுவதற்கு எடுத்துச் சென்றவர் திருப்பிக் கொண்டுவரவில்லை. க 113 எங்கும் இல்லை. பதினான்கு மாதங்களுக்கு முன் அது திருத்தத்துக்காக வாயிலைக் கடந்து சென்றமைக்குச் சீட்டு இருந்தது. திரும்பி வந்தமைக்குச் சீட்டு இல்லை.

ஆகவே உண்மை நிலை யாது? காணாத ஒன்றை நீக்கி, பதியாத இரண்டைச் சேர்த்தால் கல்லூரிக்கு உரியவை இருபத்தைந்து கணினிகள். அவற்றுள் இருபத்துநான்கு கணினி அறையில், ஒன்று ஆரம்பப் பிரிவில். அறையின் எண்ணிக்கை பதிவேட்டின் எண்ணிக்கையோடு பொருந்தியது தற்செயல். வெளியே சென்ற இரண்டும் உள்ளே வந்த இரண்டும் ஒன்றையொன்று மறைத்து நின்றன. இவ்வாறு குறையும் மிகையும் சமனாகி மறைந்துவிடும் என்பதே தொகையை மட்டும் நம்பும் கணக்கெடுப்பின் பெருங்குறை. எண்ணப்பட வேண்டுவது எத்தனை என்பதன்று. எது எது என்பதே.

இரு வழிப் பயணம்

மேற்காட்டிய உதாரணத்தில் சோதனை இரு திசையிலும் நடந்தமையைக் கவனிக்க. பதிவேட்டிலிருந்து புறப்பட்டு ஒவ்வோர் இலக்கத்துக்கும் உரிய பொருளைத் தேடிச் செல்வது ஒரு வழி. ஏட்டில் இருந்து நிலத்தில் இல்லாதவற்றை, அதாவது காணாமற்போனவற்றை, இது வெளிப்படுத்தும். நிலத்திலிருந்து புறப்பட்டுக் கண்ணிற்படும் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பதிவைத் தேடுவது மறுவழி. நிலத்தில் இருந்து ஏட்டில் இல்லாதவற்றை இது வெளிப்படுத்தும். முன்னதை மட்டும் செய்பவர் அன்பளிப்புக் கணினிகளை என்றும் காணார். பின்னதை மட்டும் செய்பவர் க 113 என்ற ஒன்று இருந்ததையே அறியார்.

இவ்விரண்டனுள் நிலத்திலிருந்து புறப்படும் பயணமே முதலில் நிகழ்தல் நன்று. பதிவேட்டைக் கையில் ஏந்திச் சென்றால், கண் பதிவேட்டில் உள்ளதையே தேடும்; இல்லாததைக் காணாது கடந்துபோகும். அன்றியும், பன்னிரண்டு கதிரை என்று ஏடு சொல்லும்போது பதினொன்றை எண்ணியவர் தாம் பிழையாக எண்ணியதாகக் கருதி மீண்டும் எண்ணிப் பன்னிரண்டாக்கிக்கொள்வதும் உண்டு. ஆதலின் கணக்கெடுப்போரிடம் வெறும் தாளே கொடுக்கப்படும். இலக்கம், பொருளின் பெயர், இருக்குமிடம், நிலை என நான்கு நிரல்கள் அதில் இருந்தால் போதும். ஒப்பிடும் வேலை பின்னர் அலுவலகத்தில் நடைபெறும். பதிவேட்டை எழுதுபவரும் பொருளைப் பொறுப்பேற்றிருப்பவரும் கணக்கெடுப்புச் சபையில் இருத்தலாகாது என்ற விதியும் இக்காரணம் பற்றியதே. அறையைத் திறந்து காட்டவும், கேட்பவற்றுக்கு விடையளிக்கவும் அவர்கள் உடனிருக்கலாம். எழுதுகோல் மட்டும் பிறர் கையில் இருத்தல் வேண்டும்.

இலக்கம் இடும் முறை

ஒரே தச்சர் செய்த நாற்பது கதிரைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது இலக்கம் ஒன்றினாலேயே இயலும். ஆயின் இலக்கத்தை அமைப்பதிலேயே பிழைகள் தொடங்கிவிடுகின்றன.

பலரும் செய்வது, இருக்கும் அறையை இலக்கத்தினுள் புகுத்துதல். மேல்மாடி மூன்றாம் அறையின் ஐந்தாவது மேசை என்பதை அவ்வாறே சுருக்கி எழுதிவிடுவர். அடுத்த தவணையில் அம்மேசை நூலகத்துக்குச் செல்லும். இலக்கமோ மேல்மாடியையே சொல்லிக்கொண்டிருக்கும். அழித்து எழுதினால் பழைய பதிவோடுள்ள தொடர்பு அறும். எழுதாவிடின் இலக்கம் பொய்யாகும். ஆதலின் இலக்கம் பொருளுக்கு உரியதேயன்றி இடத்துக்கு உரியதன்று. இனத்தைக் குறிக்கும் ஓரெழுத்தும் ஒரு தொடரெண்ணும் போதும். இடம் மாறுவது, அது பதிவேட்டின் ஒரு நிரலில் இருக்கட்டும். கழிக்கப்பட்ட பொருளின் இலக்கத்தைப் புதிய பொருளுக்குக் கொடுத்தலும் ஆகாது. கொடுத்தால் இரு பொருள்களின் வரலாறு ஒன்றாய்க் கலந்துவிடும்.

எங்கே இடுவது என்பது அடுத்த கேள்வி. கழற்றக்கூடிய உறுப்பில் ஒருபோதும் இடலாகாது. மேசையின் இழுப்பறையில் எழுதிய இலக்கம் இழுப்பறை மாறும்போது மேசையை விட்டுப் போய்விடும். கணினியின் திரையில் ஒட்டினால் திரையைத்தான் எண்ணுவோம்; அதன் உடற்பெட்டியை அன்று. விலங்கியல் ஆய்வுகூடத்தில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. நுணுக்குக்காட்டிகள் மரப்பெட்டிகளில் வைக்கப்படுகின்றன. இலக்கமும் வசதிக்காகப் பெட்டியின்மேல் எழுதப்படுகின்றது. அலுமாரியைத் திறந்து பத்துப் பெட்டிகளை எண்ணியவர் பத்து நுணுக்குக்காட்டிகளை எண்ணியவராகார். பெட்டியைத் திறந்து, கருவியின் அடித்தளத்தில் பொறித்த இலக்கத்தை வாசித்து, பொருள்வில்லைகளையும் திருப்பிப் பார்த்தல் வேண்டும். நூறு மடங்கு பெருக்கும் பொருள்வில்லையைக் கழற்றி வேறொன்றிற் பூட்டிவிட்டு, அதன் துளையை மூடியால் மறைத்திருப்பது அரிதன்று. கருவியின் உடல் இருக்கிறது. விலையுயர்ந்த கண் இல்லை.

எதனால் இடுவது என்பதும் பொருளின் தன்மையைப் பொறுத்தது. மரத்தளபாடத்துக்குத் தகட்டில் எழுத்து வெட்டி அதன்மேற் பூசும் வர்ணமே நீடித்து நிற்கும். ஆசனத்தின் அடிப்புறத்திலோ பின்காலின் உட்புறத்திலோ, எல்லாக் கதிரைக்கும் ஒரே இடத்தில் இட்டால், வரிசையாகச் சாய்த்து விரைவாக வாசிக்கலாம். இரும்பு அலுமாரிக்கும் இயந்திரத்துக்கும் இலக்கம் பொறித்த அலுமினியத் தகட்டை ஆணியால் இறுக்கலாம். காகித ஒட்டுச்சீட்டு நம் வெப்பத்தில் உதிரும். மாணவர் விரல் நுனிக்கும் அது பெரிய தடையன்று. கணினி போன்றவற்றுக்கு ஒட்டுச்சீட்டே தகுமாயின், பிளாஸ்டிக்கால் ஆனதும், உரித்தால் துண்டாகக் கிழிவதுமான வகையைத் தெரிதல் நன்று. அதனோடு உற்பத்தியாளரின் தொடரிலக்கத்தையும் பதிவேட்டில் எழுதிவைத்தால், க 120 போல, சீட்டுப் போனாலும் பொருள் அடையாளம் இழக்காது. இதிலும் ஓர் எல்லை உண்டு. இங்கேயே பகுதிகளைப் பூட்டி அமைத்த கணினிகள் பலவற்றில், தொடரிலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் To be filled by O.E.M. என்ற சொற்களே திரையில் தோன்றும். அத்தகையவற்றுக்கு நாமிடும் இலக்கமன்றி வேறு அடையாளம் இல்லை.

இக்காலத்துக் கோட்டுக்குறிச் சீட்டுகளைக் கைத்தொலைபேசியால் வாசிக்கும் முறையும் பரவி வருகின்றது. எழுத்துப் பிழைகளைத் தவிர்ப்பதில் அது உதவுவதே. ஆயின் அதற்கே உரிய ஓர் ஏமாற்றும் உண்டு. அச்சிட்ட சீட்டுகளின் மறுபிரதி அலுவலகத்தில் இருக்குமாயின், அறைகளுக்குச் செல்லாமலே அத்தாளை முன்வைத்து எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிடலாம். முடிவு நூற்றுக்கு நூறு பொருந்தும். ஆதலின் ஒரு பொருளுக்கு ஒரு சீட்டே அச்சிடல் வேண்டும். பழுதானால் பழையதைப் பெற்றுக்கொண்டே புதியது வழங்கல் வேண்டும். கருவியின்றி வாசிக்கத்தக்க எண்ணும் சீட்டில் இருத்தல் அவசியம்.

எண்ணும் நாள்

கணக்கெடுப்பு நாளில் பொருள்கள் அசையாதிருத்தல் முதலாவது நிபந்தனை. மாணவர் இல்லாத விடுமுறையே அதற்கு ஏற்ற காலம். பரிசளிப்பு விழாவுக்காக வகுப்பறைக் கதிரைகள் மண்டபத்திற் குவிந்திருக்கும் வாரத்தில் எண்ணத் தொடங்கினால், காலையில் மண்டபத்தில் எண்ணிய கதிரையை மாலையில் வகுப்பறையிலும் எண்ண நேரும். அதைத் தடுக்க, எண்ணிய பொருளில் அவ்வாண்டுக்குரிய நிறத்தில் ஒரு சிறு புள்ளி இடுவர். இவ்வாண்டு பச்சை எனின் அடுத்த ஆண்டு சிவப்பு. வேலை முடிந்தபின் ஒருமுறை வளாகத்தைச் சுற்றிவந்து, இவ்வாண்டின் நிறம் இல்லாத பொருள் எங்கேனும் உளதா என நோக்கினால், விடுபட்டவை தாமே தம்மைக் காட்டும். மேடையின் அடி, மாடிப்படியின் கீழ், துவிச்சக்கரவண்டிக் கொட்டில், காவலாளி அறை என்பன இச்சுற்றில் தவறாது பார்க்க வேண்டிய இடங்கள்.

வளாகத்துக்கு வெளியே உள்ளவற்றையும் மறத்தலாகாது. அயற்கோயில் திருவிழாவுக்கு இரவலாகச் சென்ற வாங்குகளும், திருத்தத்துக்குச் சென்ற இயந்திரங்களும் கல்லூரியின் சொத்துக்களே. ஆயினும் 'இரவல் கொடுத்தோம்' என்ற வாய்ச்சொல்லை வைத்து அவற்றை இருப்பதாக எழுதுதல் தகாது. சென்று பார்த்தல் வேண்டும். இயலாதாயின் வைத்திருப்போரிடம் இலக்கம் குறித்த எழுத்துச் சான்று பெறுதல் வேண்டும்.

கணக்கு மார்கழி 31ஆம் நாளுக்குரியது. எண்ணுவதோ பெரும்பாலும் தைமாதத்தில். இடையில் நிகழ்ந்தவற்றைப் பின்னோக்கிக் கழித்தும் கூட்டியும் நேர்செய்ய வேண்டும். தை 10ஆம் நாள் எண்ணியபோது எண்பத்தைந்து மேசைகள் இருந்தன எனக் கொள்வோம். தை 5ஆம் நாள் ஆறு புதிய மேசைகள் வந்தன. தை 8ஆம் நாள் இரண்டு பழைய மேசைகள் ஏலத்திற் போயின. வந்த ஆறைக் கழித்து, போன இரண்டைக் கூட்டினால் எண்பத்தொன்று. ஆண்டிறுதியில் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டியது எண்பத்தொன்றையேயன்றி எண்பத்தைந்தை அன்று. இந்த ஆறும் இரண்டும் எவ்விலக்கங்கள் என்பதும் எழுதப்படல் வேண்டும்.

நிலையைக் குறிக்கும்போது 'நன்று', 'சுமார்' போன்ற சொற்கள் பயன்படா. பயன்படுவது, திருத்தத்தக்கது, கழிக்கத்தக்கது என்னும் மூன்றே போதும். ஒவ்வொன்றும் அடுத்துச் செய்ய வேண்டியதைத் தானே சொல்கிறது. கழிக்கத்தக்கது என்று சபை எழுதியதனாலேயே பொருள் பதிவேட்டை விட்டு நீங்கிவிடாது. அனுமதி பெற்று, விற்கப்பட்டோ அழிக்கப்பட்டோ முடியும்வரை மண்டபத்தின் பின்னே குவிந்துகிடக்கும் உடைந்த கதிரையும் எண்ணப்பட வேண்டியதே. அக்குவியலிலிருந்து தச்சர் இரண்டு உடைந்த கதிரைகளைக் கொண்டு ஒரு நல்ல கதிரை செய்து தருவதும் உண்டு. அப்போது எவ்விலக்கம் நிலைக்கும்? பிரதான சட்டகம் எக்கதிரையினதோ அதன் இலக்கமே நிலைக்கும்; மற்றையது உறுப்புக்களுக்காகப் பிரிக்கப்பட்டதெனக் காரணம் எழுதிக் கழிக்கப்படும். இவ்விதியை முன்கூட்டியே தச்சருக்கும் சொல்லிவைத்தல் நன்று.

வேறுபாட்டைத் தீர்த்தல்

ஒப்பிட்டு முடிந்ததும் வேறுபாடுகள் வெளிப்படும். அவற்றை உடனே திருத்திவிடாமல், ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடுவதே எஞ்சிய வேலையின் பெரும்பகுதி. மீண்டும் நமது கணினி அறைக்கு வருவோம். க 120க்குப் புதிய சீட்டு இட்டால் போதும். க 107க்கு இடநிரலை மாற்றி, கொண்டுசென்றவரிடம் ஒப்பம் பெற வேண்டும். இவ்விரண்டும் கணக்கேட்டைத் தொடுவன அல்ல.

அன்பளிப்புக் கணினிகள் இரண்டும் கணக்கேட்டைத் தொடும். விலை கொடுக்கவில்லை என்பதற்காக அவற்றைப் பதியாது விடலாகாது. கிடைத்த நாளில் சந்தையில் அவை பெறக்கூடிய நியாயமான பெறுமானத்தில் அவை புகுத்தப்படும். ஒவ்வொன்றும் 50,000 ரூபா எனின், இதுவரை 1,00,000 ரூபா பெறுமதியான சொத்துக் கணக்குக்கு வெளியே நின்றது என்பது பொருள். புதிய இலக்கமாக க 125, க 126 என்பவை இடப்படும். வெற்றிடமாகிய க 113 அவற்றுக்கு இடப்படாது.

க 113 தேடியும் கிடைக்கவில்லை. அது 90,000 ரூபாவுக்கு வாங்கப்பட்டது. ஆறாண்டு உழைக்குமென மதிக்கப்பட்டு ஆண்டுக்கு 15,000 ரூபா பெறுமானத் தேய்வு எழுதப்பட்டு வந்தது. நான்கு ஆண்டுகள் கழிந்தமையால் தேய்வு 60,000. எஞ்சிய ஏட்டுப் பெறுமானம் 30,000 ரூபா. பதிவழிக்கும்போது 90,000 ரூபாக் கிரயமும் 60,000 ரூபாத் தேய்வும் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டு, 30,000 ரூபா நட்டமாகக் காட்டப்படும். ஆயின் இது சபை தானே செய்யும் காரியமன்று. அரசாங்கப் பாடசாலையாயின் நட்டங்களுக்கு நிதிப்பிரமாணம் 104இன் கீழ் விசாரணை உண்டு. தனியார் முகாமைக்கு உட்பட்டதாயின் முகாமைச் சபையின் தீர்மானம் வேண்டும். சபை கண்டதைச் சொல்லும்; கழிப்பதும் மன்னிப்பதும் அறவிடுவதும் பிறர் அதிகாரம்.

இதற்கு மாறான தவறும் ஒன்றுண்டு. தேய்வு முழுவதும் எழுதப்பட்டு ஏட்டுப் பெறுமானம் பூச்சியமாகிவிட்ட தையலியந்திரம் இன்னும் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கும். பெறுமானம் இல்லை என்பதற்காக அதைப் பதிவேட்டிலிருந்து நீக்குவோர் உளர். பூச்சியம் என்பது கணக்கின் முடிவு, பொருளின் முடிவன்று. நீக்கினால் நாளை அது காணாமற்போவதையும் எவரும் அறியார். உண்மையில் இத்தகைய பல பொருள்கள் காணப்படுமாயின், உழைக்கும் காலத்தை நாம் குறைத்து மதித்தோம் என்பதே அதன் பொருள். குறைந்தது ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் அக்காலத்தை மீள நோக்குமாறு இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 வேண்டுகிறது. அதற்குரிய சான்றை அலுவலக மேசையிலிருந்து பெற இயலாது. கணக்கெடுப்புத் தாளின் நிலைநிரலே அதனைத் தரும்.

ஆண்டுதோறும் ஏன்?

ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் போதாதோ என்று வினவலாம். விடை, காரணத்தின் ஆயுளில் உள்ளது. க 113 சென்று பதினான்கு மாதங்களே ஆகியிருந்தமையால் வாயிற் சீட்டு இருந்தது, கொடுத்தவரும் இருந்தார், திருத்துநரின் கடையும் இருந்தது. ஐந்தாண்டு சென்றிருப்பின் மூன்றும் இல்லாது போயிருக்கக்கூடும்.

நானறிந்த ஓர் ஆசிரியரின் நிலை இதனை எனக்கு உணர்த்தியது. இருபதாண்டுகளாக ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பாயிருந்து ஓய்வுபெறும் வேளையில், மூன்று நுணுக்குக்காட்டிகளும் ஒரு தராசும் குறைவதாக அவரிடம் விளக்கம் கோரப்பட்டது. அவர் பொறுப்பேற்றபோது பொருள்களைப் பார்த்து ஏற்கவில்லை. பதிவேட்டைப் பார்த்து ஒப்பமிட்டார். அவருக்கு முன்பே அவை இல்லாதிருந்திருக்கலாம். இடையில் அயற்பாடசாலைக்கு இரவலாகச் சென்றிருக்கலாம். ஆண்டு ஆண்டாக எழுதப்பட்ட கணக்கெடுப்புத் தாள்கள் இருந்தன. ஆனால் அனைத்தும் சென்ற ஆண்டுத் தாளைப் பார்த்து எழுதிய பிரதிகள். ஒரே பிழையான எழுத்து பன்னிரண்டு ஆண்டுத் தாள்களிலும் மாறாது வந்தமையே அதனைக் காட்டிக்கொடுத்தது. அவர் எடுத்தார் என்று எவரும் நம்பவில்லை; எடுக்கவில்லை என்று காட்டுதற்கும் ஒன்றும் இல்லை. தராசு பின்னர் வேறோர் அறையின் பரணிற் கிடைத்தது. நுணுக்குக்காட்டிகள் கிடைக்கவில்லை. அவருடைய ஓய்வூதியப் பத்திரங்கள் பல மாதங்கள் தாமதித்தே நகர்ந்தன. பொய்யாக எழுதிய கணக்கெடுப்பு, எழுதாததிலும் தீங்கானது. குறை எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்ற ஒரே தடயத்தை அது அழித்துவிடுகிறது.

பதிவேடே இல்லாத நிலையும் நமக்குப் புதிதன்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோதும், 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியிலும், பாடசாலைகள் பல தம் ஏடுகளையும் தளபாடங்களையும் ஒருங்கே இழந்தன. அத்தகைய இடத்தில் நிலத்திலிருந்து புறப்படும் பயணம் ஒன்றே இயலும். அறை அறையாகச் சென்று, உள்ளதை உள்ளவாறு எழுதி, புதிதாக இலக்கமிட வேண்டும். வாங்கிய ஆண்டும் விலையும் தெரியாதவிடத்துத் தெரியாதென்றே எழுதி, தகுதியுள்ளவர் மதிப்பிட்ட பெறுமானத்தை மதிப்பிட்ட நாளுடன் குறித்தல் வேண்டும். ஊகித்த விலையை வாங்கிய விலைபோல எழுதலாகாது. வேறொரு பாடசாலையின் பெயர் பொறித்த வாங்கு ஒன்று காணப்படின், அப்பெயரை அழித்து நம் இலக்கத்தை இடுவதும் தகாது. அதனைத் தனித்தாளில் எழுதி உரியவர்க்கு அறிவித்தலே முறை.

முடிவாக ஒன்று. கணக்கெடுப்புத் தாளின் அடியில் ஒப்பமிடுபவர், இப்பொருள்கள் பதிவேட்டில் இருக்கின்றன என்று சான்று கூறவில்லை. இவற்றை இந்நாளில் இவ்விடத்தில் யான் என் கண்ணாற் கண்டேன் என்று கூறுகின்றார். பரணிற் கிடந்த தராசை ஓராண்டிலேனும் ஒருவர் ஏணிவைத்து ஏறிக் கண்டு எழுதியிருப்பின், அவ்வாசிரியரிடம் அதுபற்றிக் கேட்க எதுவும் இருந்திராது.